ஆங்கிலம் பழகுவோம்: பொருளில்லாத 'தெயர்', பொருளில்லாத 'இற்'

நலன்புரி நிலையம் ஒன்றுக்கு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனத்தைச் சேர்ந்த ஒரு பெண்மணி வந்திருந்தார். அன்று மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. அங்கிருந்தவர்களில் ஓரளவு ஆங்கிலம் தெரிந்த கமக்கார ஐயா ஒருவரையே எல்லோரும் முன்னே தள்ளிவிட்டார்கள். "இஸ் தெயர் எ வெல்?" என்று அந்தப் பெண்மணி கேட்டார். இங்கே கிணறு இருக்கிறதா என்பது கேள்வி. ஐயா தயங்காமல், "வெல் இஸ் தெயர்" என்றார். பெண்மணி திரும்பிப் பார்த்து, "வெயர்?" என்றார். எங்கே என்று கேட்கிறார். தாம் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை என நினைத்த ஐயா, இன்னும் உரத்த குரலில், "வெல் இஸ் தெயர்!" என்றார்.

"கிணறு இருக்கிறது" என்று சொன்னதாக ஐயா எண்ணினார். "கிணறு அதோ அங்கே" என்று பெண்மணி விளங்கிக்கொண்டார். ஐயா பாவித்த மூன்று சொற்களும் சரியான சொற்களே. அவற்றை அடுக்கிய ஒழுங்குதான் பிழை.

இந்த முறை அந்த ஒழுங்கைப் பார்ப்போம். வாயாற் சொல்லிப் பழகுவதற்கான பாடம் என்றபடியால் ஆங்கில வசனங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறோம். 'ஃப' என்று வரும் இடத்தில் மேற்பல்லைக் கீழுதட்டில் இலேசாக வைத்து ஊதிச் சொல்லுங்கள்.

'இருக்கிறது' என்று சொல்லும்போது

தமிழிலே "முகாமில் ஒரு கிணறு இருக்கிறது" என்கிறோம். இடம் முதலில், பொருள் நடுவில், 'இருக்கிறது' கடைசியில். ஆங்கிலத்தில் இது ஏறக்குறைய தலைகீழாக வரும்: "தெயர் இஸ் எ வெல் இன் த கெம்ப்." முதலில் 'தெயர் இஸ்', அடுத்துப் பொருள், கடைசியில் இடம்.

கேட்பவருக்கு இதுவரை தெரியாத ஒரு பொருளை முதன்முதலாகச் சொல்லும்போது, அந்தப் பொருளை வசனத்தின் முதலிலே திடீரென வைப்பதை ஆங்கிலம் விரும்புவதில்லை. அந்த இடத்தில் வெறுமனே ஒரு சொல்லை வைத்துவிட்டுப் பொருளைப் பின்னே கொண்டுவருகிறது. அப்படி வைக்கப்படும் சொல்தான் 'தெயர்'. எழுவாயின் இடத்தில் இருந்தாலும் அதற்குப் பொருள் ஏதும் இல்லை. ஆகவே இதனை வெற்று எழுவாய் என்று சொல்லலாம்.

'அங்கே' என்ற பொருளில் வேறொரு 'தெயர்' இருப்பதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம். இரண்டும் ஒரே எழுத்து. ஆனால் "தெயர் இஸ் எ வெல் ஹியர்" என்று ஆங்கிலத்தில் தாராளமாகச் சொல்லலாம். 'ஹியர்' என்றால் இங்கே. 'தெயர்' எப்போதும் 'அங்கே' என்றே பொருள்படுமானால், ஒரே கிணறு அங்கேயும் இங்கேயும் இருக்க வேண்டிவரும்! வசனத்தின் தொடக்கத்தில் 'இஸ்' உடன் ஒட்டி, அழுத்தமின்றி விரைவாகச் சொல்லப்படுவது வெற்றுத் 'தெயர்'. கையை நீட்டி, அழுத்தி, பெரும்பாலும் வசனத்தின் கடைசியிற் சொல்லப்படுவது 'அங்கே' என்னும் 'தெயர்'. "தெயர் இஸ் எ வெல் தெயர்" என்றால் "அங்கே ஒரு கிணறு இருக்கிறது." முதலாவது வெற்று, இரண்டாவது பொருளுள்ளது.

எண்ணக்கூடியதும் எண்ண முடியாததும்

நமது பேச்சில் "ஒரு கிணறு இருக்கு", "ரெண்டு கிணறு இருக்கு" என்று இரண்டுக்கும் ஒரே 'இருக்கு' போதும். ஆங்கிலத்தில் ஒன்றுக்கு 'தெயர் இஸ்', ஒன்றுக்கு மேற்பட்டதற்கு 'தெயர் ஆர்'. "தெயர் ஆர் டூ வெல்ஸ்." பொருளின் பெயரின் கடைசியில் வரும் 'ஸ்' ஒலியையும் விழுங்கிவிடக் கூடாது.

தண்ணீர், அரிசி, நெல் போன்றவற்றை ஒன்று, இரண்டு என்று எண்ண முடியாது. அவை எவ்வளவு இருந்தாலும் 'தெயர் இஸ்' தான்: "தெயர் இஸ் வோட்டர் இன் த டாங்க்." குளத்தில் தண்ணீர் இருக்கிறது. ஆனால் அதே நெல்லை மூடைகளில் கட்டிவிட்டால் மூடைகளை எண்ணலாம். அப்போது "தெயர் ஆர் டென் பாக்ஸ் ஒஃப் பெடி." பத்து மூடை நெல் இருக்கிறது. வினைச்சொல் பார்ப்பது மூடையை, நெல்லை அல்ல. கமக்காரருக்கு இது எளிதில் விளங்கும். வயலிற் கிடப்பதை எண்ணமாட்டோம், வண்டியில் ஏற்றும்போது எண்ணுவோம்.

இல்லை என்பதற்கு 'நோ' என்ற சொல்லைப் பொருளுக்கு முன்னே வைத்தாற் போதும். "தெயர் இஸ் நோ வோட்டர்." "தெயர் ஆர் நோ டொயிலெற்ஸ்." தண்ணீர் இல்லை, மலசலகூடங்கள் இல்லை.

உடையவரைச் சேர்த்துச் சொல்லும்போது மட்டும் இந்த அமைப்பை விட்டுவிடுங்கள். "எங்களுக்கு இரண்டு மாடு இருக்கிறது" என்பது "வீ ஹாவ் டூ கவ்ஸ்." அங்கே 'தெயர்' வராது.

இருக்கிறதா, இருந்ததா?

இந்த இடத்தில் சற்று நின்று பார்க்க வேண்டும். 'தெயர் இஸ்' இறந்தகாலத்தில் 'தெயர் வோஸ்' ஆகும். 'தெயர் ஆர்', 'தெயர் வேர்' ஆகும். பள்ளிக்கூடத்தில் இதைப் பிழைவிட்டால் ஒரு புள்ளி குறையும். இடம்பெயர்ந்த குடும்பம் ஒன்று பிழைவிட்டால் போவது அதைவிடப் பெரிது.

வலிகாமம் வடக்கில் இருந்து 1990இல் வெளியேறிய ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். காணியில் கல்வீடு ஒன்று இருந்தது. பின்னர் போய்ப் பார்த்தபோது அத்திவாரம் மாத்திரமே மிஞ்சியிருந்தது. ஆங்கிலத்தில் விபரம் கேட்கும் ஒருவரிடம் அவர்கள், "தெயர் இஸ் எ ஹவுஸ் ஓன் அவர் லாண்ட்" என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும்? கேட்பவர் "வீடு உண்டு" என்று குறித்துக்கொள்வார். வீடு இருப்பவருக்கு வீட்டுத் திட்டம் எதற்கு? பேச்சிலே நாம் "எங்களுக்குக் கல்வீடு, பெரிய கல்வீடு" என்று காலமே சொல்லாமல் நினைவில் இருப்பதைச் சொல்லிவிடுவது வழக்கம். கேட்கும் தமிழர் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொள்வார். ஆங்கில வசனத்தில் காலம் கட்டாயம் வரும், வந்த காலமே எழுதப்படும்.

ஆகவே இரண்டு வசனமாகச் சொல்லுங்கள். முதலில் இருந்தது, அடுத்து இப்போது உள்ளது. "தெயர் வோஸ் எ ஹவுஸ் ஓன் அவர் லாண்ட். நவ் தெயர் இஸ் ஒன்லி த ஃபவுண்டேஷன்." காணியில் ஒரு வீடு இருந்தது. இப்போது அத்திவாரம் மட்டுமே இருக்கிறது. தென்னைகளையும் அப்படியே சொல்லலாம்: "தெயர் வேர் ஃபோர்ட்டி கோகனற் ட்ரீஸ். நவ் தெயர் ஆர் சிக்ஸ்." நாற்பது இருந்தது, இப்போது ஆறு. 'நவ்' என்ற சின்னச் சொல் இரண்டு காலத்துக்கும் நடுவே வேலி போட்டுவிடும்.

'இருட்டுது' என்பதில் இருட்டுவது எது?

இனி 'இற்' என்ற சொல்லுக்கு வருவோம். அது, இது என்று ஒரு பொருளைச் சுட்டுவதற்கு 'இற்' வரும் என்பது உங்களுக்குத் தெரியும். "தெயர் இஸ் எ வெல். இற் இஸ் ட்ரை." ஒரு கிணறு இருக்கிறது, அது வற்றியிருக்கிறது. புதிய பொருளை 'தெயர்' அறிமுகப்படுத்தும். அறிமுகமான பின் அதைப்பற்றி மேலும் சொல்வது 'இற்'. ஆனால் எந்தப் பொருளையும் சுட்டாத 'இற்' ஒன்றும் உண்டு. காலநிலை, நேரம், தூரம் ஆகிய மூன்றையும் சொல்லும்போது அது வரும்.

இது தமிழருக்குப் புதுமையாகத் தோன்றினாலும் நமது வாயிலேயே அதற்கு ஒரு சாயல் இருக்கிறது. "இருட்டுது", "விடிஞ்சுது", "புழுங்குது", "குளிருது" என்று நாம் சொல்கிறோம். எது புழுங்குது என்று யாரும் கேட்பதில்லை. எழுவாய் இல்லாமலே வசனம் நிறைவாக நிற்கிறது. ஆனால் கடைசியில் ஒரு 'து' ஒட்டியிருக்கிறதல்லவா? "வந்தது", "போனது" என்பவற்றில் அஃறிணை ஒருமையைக் காட்டும் அதே 'து'தான். அந்த 'து'வைக் கழற்றி முன்னே வைத்தால் எப்படியோ, அப்படியே ஆங்கிலத்தில் 'இற்' முன்னே வருகிறது. புழுங்குது, வெக்கையாயிருக்குது: "இற் இஸ் ஹொற்." குளிருது: "இற் இஸ் கோல்ட்." இருட்டாயிருக்குது: "இற் இஸ் டார்க்." வினைச்சொல்லுக்கு முன்னே ஏதாவது ஒன்று உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது ஆங்கிலத்தின் பிடிவாதம்.

மழைக்கு மாத்திரம் சற்றுக் கவனம் தேவை. தமிழில் "மழை பெய்கிறது" என்கிறோம். மழை எழுவாய், பெய்கிறது பயனிலை. ஆங்கிலத்தில் 'றெயின்' என்ற சொல்லே வினையாகவும் நிற்கும். "இற் இஸ் றெயினிங்" என்றால் வேலை முடிந்தது. "றெயின் இஸ் றெயினிங்" என்று மழையை இரண்டு தடவை பெய்விக்க வேண்டாம். "மழை வருது" என்பதை நினைத்து "றெயின் இஸ் கமிங்" என்று பலர் சொல்வார்கள். அதைக் கேட்பவர், மழை இனித்தான் வரப்போகிறது என்று விளங்கிக்கொண்டு, நனைந்துகொண்டு நிற்கும் உங்களைப் புதினமாகப் பார்ப்பார். நேற்றிரவு பெய்தது என்றால் "இற் றெயின்ட் லாஸ்ற் நைற்."

அப்படியானால் மழைக்கு 'தெயர்' வரவே வராதா? வரும். மழையை ஒரு பொருளாக, ஒரு நிகழ்வாகச் சொல்லும்போது வரும். "தெயர் வோஸ் ஹெவி றெயின்." கடும் மழை இருந்தது. வெள்ளம், சூறாவளி எல்லாம் இவ்வகையே. 1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியைப் பற்றிச் சொல்வதானால் "தெயர் வோஸ் எ சைக்ளோன் இன் 1978." 'இஸ்' அல்லது 'வோஸ்' என்பதற்குப் பின்னே வருவது பெயர்ச்சொல்லா என்று பாருங்கள். மழை, வெள்ளம், காற்று என்று பெயராக இருந்தால் 'தெயர்'. சூடு, குளிர், இருட்டு என்னும் தன்மையைச் சொல்வதாகவோ, பெய்தல் என்னும் தொழிலாகவோ இருந்தால் 'இற்'.

நேரமும் தூரமும்

"இப்ப அஞ்சு மணி" என்பதை அப்படியே பெயர்த்து "நவ் இஸ் ஃபைவ் ஓ குளொக்" என்று சொல்வது நம்மவரிடம் மிகப் பழகிய பிழை. "இற் இஸ் ஃபைவ் ஓ குளொக்" என்பதே சரி. கிழமையும் அப்படியே: "இற் இஸ் மண்டே." "இங்கே சரியான வெக்கை" என்பதற்கு "ஹியர் இஸ் வெறி ஹொற்" என்று சொல்வதும் இதே வகைப் பிழைதான். "இற் இஸ் வெறி ஹொற் ஹியர்" என்று இடத்தைக் கடைசிக்கு அனுப்புங்கள்.

தூரத்துக்கும் 'இற் இஸ்' தான். "இற் இஸ் ஃபைவ் மைல்ஸ் ஃப்றொம் ஹியர் டு அவர் ஃபீல்ட்." இங்கிருந்து எங்கள் வயலுக்கு ஐந்து கட்டை. மைல்கள் ஐந்தாயிற்றே, ஆகவே 'தெயர் ஆர் ஃபைவ் மைல்ஸ்' என்று சொல்வோம் என யோசிக்க வேண்டாம். இங்கே எண்ணிக்கை எவ்வளவானாலும் 'இற் இஸ்' மாறாது. வருடக் கணக்கும் அப்படித்தான்: "இற் இஸ் டென் யியர்ஸ் சின்ஸ் வீ லெஃப்ற் அவர் வில்லேஜ்." ஊரை விட்டு வந்து பத்து வருடம்.

தூரம் சொல்லும்போது அளவையும் சேர்த்தே சொல்லுங்கள். நம் மூத்தவர்கள் 'கட்டை' என்று சொல்வது மைலை. கேட்பவர் கிலோமீற்றரில் எழுதுவார். ஐந்து கட்டை ஏறக்குறைய எட்டுக் கிலோமீற்றர். 'ஃபைவ்' என்று மாத்திரம் சொல்லி நிறுத்தினால் உங்கள் நடையில் மூன்று கிலோமீற்றர் காகிதத்திற் குறைந்துவிடும். எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதற்கும் வெற்று 'இற்' உண்டு: "இற் டேக்ஸ் டூ அவர்ஸ் ஓன் ஃபுற்." நடந்துபோக இரண்டு மணித்தியாலம் எடுக்கும். தூரத்தைவிட இந்த வசனமே பலவேளைகளில் உண்மையை நன்கு சொல்லும், ஏனெனில் பாதை எப்படிப்பட்டது என்பதும் இதற்குள் அடங்கிவிடுகிறது.

மறுமொழி சொல்லும் விதம்

கேள்வியில் எந்தச் சொல் வந்ததோ அதையே திருப்பிக் கொடுங்கள். "இஸ் தெயர் எ ஸ்கூல்?" என்றால் "யெஸ், தெயர் இஸ்." "இஸ் இற் ஃபார்?", தூரமா என்றால் "யெஸ், இற் இஸ்." 'ஆர் தெயர்' என்று தொடங்கினால் 'தெயர் ஆர்' என்று முடியுங்கள்.

எதிர்மறைக் கேள்வி வந்தாற்தான் வில்லங்கம். "தண்ணி இல்லையோ?" என்று ஒருவர் கேட்டால் நாம், "ஓம், இல்லை" என்போம். கேட்டவர் சொன்னது சரி என்பதற்கு அந்த 'ஓம்'. ஆங்கிலத்தில் "இஸ் தெயர் நோ வோட்டர்?" என்று கேட்பவரிடம் 'யெஸ்' என்று மட்டும் சொன்னால், தண்ணீர் இருக்கிறது என்றே அவர் எடுத்துக்கொள்ளக்கூடும். ஆங்கிலத்தில் 'யெஸ்', 'நோ' இரண்டும் கேட்டவருடைய கருத்தைப் பார்ப்பதில்லை, பொருளைப் பார்க்கின்றன. பொருள் இருந்தால் 'யெஸ்'. இல்லையானால், கேள்வி எப்படி வந்தாலும், 'நோ'. "நோ, தெயர் இஸ் நோ வோட்டர்" என்று முழு வசனமாகச் சொல்லிவிடுவது பாதுகாப்பு. தலையை ஆட்டுவதை நம்பியிராதீர்கள். நமது தலையாட்டலை வெளிநாட்டவர் பலர் 'இல்லை' என்றே விளங்குகிறார்கள்.

ஒரு மாதிரி உரையாடல்

இப்போது அந்த ஐயாவையும் பெண்மணியையும் மீண்டும் சந்திக்க வைப்போம்.

"ஹவ் மெனி ஃபமிலீஸ் ஆர் தெயர்?" எத்தனை குடும்பங்கள் இருக்கின்றன?
"தெயர் ஆர் ஃபோர்ட்டி டூ ஃபமிலீஸ், மேடம்." நாற்பத்திரண்டு.
"இஸ் தெயர் எ வெல்?"
"யெஸ், தெயர் இஸ். பற் இற் இஸ் நொற் டீப். தெயர் இஸ் நோ வோட்டர் இன் ஓகஸ்ற்." இருக்கிறது, ஆனால் ஆழமில்லை. ஆவணியில் தண்ணீர் இராது.
"இஸ் தெயர் அனதர் வெல்?" வேறு கிணறு உண்டா?
"யெஸ், பற் இற் இஸ் ஃபார். இற் இஸ் டூ மைல்ஸ். இற் டேக்ஸ் ஃபோர்ட்டி மினிற்ஸ் ஓன் ஃபுற்."
"ஆர் தெயர் டொயிலெற்ஸ்?"
"தெயர் வேர் சிக்ஸ். தெயர் வோஸ் எ ஃப்ளட் இன் டிசெம்பர். நவ் தெயர் ஆர் த்ரீ." ஆறு இருந்தன, மார்கழியில் வெள்ளம் வந்தது, இப்போது மூன்று.
"இஸ் தெயர் எ பஸ்?"
"தெயர் இஸ் வன் பஸ், அற் ஃபைவ் இன் த மோர்னிங். இற் இஸ் ஸ்டில் டார்க் தென்." காலை ஐந்து மணிக்கு ஒன்று. அப்போது இன்னும் இருட்டு.

இதில் வரும் 'இற்' எல்லாம் ஒன்றல்ல. "இற் இஸ் நொற் டீப்" என்பதில் 'இற்' கிணறு. அந்த இடத்தில் 'த வெல்' என்று போட்டுப் பாருங்கள், வசனம் நிற்கும். "இற் இஸ் டூ மைல்ஸ்" என்பதில் 'த வெல்' போட்டால் கிணறே இரண்டு மைல் நீளமாகிவிடும். "இற் இஸ் ஸ்டில் டார்க்" என்பதில் 'த பஸ்' போட்டால் பஸ் கறுப்பாகிவிடும். வேறு பெயர் எதையும் வைக்க முடியாத 'இற்' எதுவோ, அதுவே வெற்று 'இற்'.

பயிற்சி

பின்வருவனவற்றை ஒருவர் தமிழிற் சொல்ல மற்றவர் ஆங்கிலத்திற் சொல்லுங்கள். பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அவர்களுடைய உச்சரிப்பு நம்முடையதைவிட நன்றாயிருக்கும்.

1. கொட்டிலில் ஐந்து பேர் இருக்கிறார்கள்.
2. எங்கள் காணியில் ஒரு கிணறு இருந்தது.
3. மழை பெய்கிறது.
4. ஆஸ்பத்திரிக்கு மூன்று கட்டை.
5. நான்கு மூடை அரிசி இருக்கிறது.
6. "இஸ் தெயர் நோ டொக்டர்?" என்று கேட்கிறார்கள். வைத்தியர் இல்லை. என்ன மறுமொழி?

விடைகள்: 1. தெயர் ஆர் ஃபைவ் பீப்பிள் இன் த ஹற். ('பீப்பிள்' என்பதில் 'ஸ்' இல்லாவிட்டாலும் அது பன்மையே.) 2. தெயர் வோஸ் எ வெல் ஓன் அவர் லாண்ட். (கிணறு இன்னும் இருக்குமானால் 'இஸ்'.) 3. இற் இஸ் றெயினிங். 4. இற் இஸ் த்ரீ மைல்ஸ் டு த ஹொஸ்பிற்றல். 5. தெயர் ஆர் ஃபோர் பாக்ஸ் ஒஃப் றைஸ். 6. நோ, தெயர் இஸ் நோ டொக்டர்.